தள்ளிவைத்த சந்திப்பும் மூன்று தேதிகளும்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜூன் 11, வியாழன் காலை 11 மணிக்கு, வெளிநாட்டு வாங்குநர் சார்பில் ஆர்டரைக் கவனிக்கும் சென்னை பையிங் அலுவலகத்தின் மூத்த மேலாளர் சாம்பிள் பார்க்கவும், உற்பத்திக்கு முந்தைய பி.பி. மீட்டிங்குக்கும் எங்கள் ஃபேக்டரிக்கு வருவதாக இருந்தது. சாயப்பட்டறையில் ஷேடு சரியாக வராமல் துணி தாமதமாகும் என்று திங்கள் காலையே தெரிந்துவிட்டது. எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று இருந்துவிட்டு, செவ்வாய் இரவு அவருக்கு இப்படி மெயில் அனுப்பினேன்: "தவிர்க்க முடியாத காரணங்களால் வியாழன் சந்திப்பை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு எப்போது வசதி என்று தெரிவிக்கவும். சிரமத்திற்கு வருந்துகிறோம்." ஏற்கெனவே ஒரு முறை இதே சந்திப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். "ஓகே, ரெடியானதும் சொல்லுங்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபமாக இருக்கிறார் என்று நினைக்கிறேன். சாம்பிள் வெள்ளிக்கிழமையே ரெடி என்கிறார் எங்கள் எம்.டி. இப்போது என்ன எழுதுவது? நானாக இரண்டு மூன்று தேதிகளைக் கொடுத்தால், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையோ என்று நினைக்கமாட்டாரா?
— ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

அவசரம் கருதி இந்தப் பதிலை வியாழன் காலையே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் தேதிகளை மாற்றாமல் இங்கே தருகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். தேதிகளைக் கொடுப்பவரை யாரும் வேலையற்றவர் என்று நினைப்பதில்லை. "உங்களுக்கு எப்போது வசதி" என்று கேட்பதுதான் சிக்கல். நம் ஊரில் அது பணிவான கேள்வி, நீங்களும் பணிவோடுதான் கேட்டீர்கள். ஆனால் அந்த மேலாளரின் மேசையிலிருந்து அதைப் பாருங்கள். துணி எப்போது வரும், தையல் எப்போது முடியும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் திங்கள் என்று சொல்லி, சாம்பிள் அன்றைக்குத் தயாராகவில்லையென்றால் மூன்றாவது முறையும் தள்ளிப்போகும். ஆகவே, எந்தத் தகவலும் கையில் இல்லாத ஒருவரிடம் தேதி கண்டுபிடிக்கும் வேலையை ஒப்படைத்திருக்கிறீர்கள். "ரெடியானதும் சொல்லுங்கள்" என்ற பதிலில் கொஞ்சம் கோபம் இருக்கலாம், ஆனால் உங்கள் மெயிலுக்கு அவர் எழுதக்கூடிய அறிவுள்ள பதிலும் அது ஒன்றுதான். அந்த வேலையை அவர் உங்களிடமே திருப்பித் தந்திருக்கிறார்.

"தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பது கச்சேரி ரத்தானால் சபா வாசலில் ஒட்டும் வாசகம். "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்பது பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய இடத்தில் வைக்கும் பலகையில் இருப்பது. இரண்டும் ஊருக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை. ஒரு தனி மனிதரிடம் அவற்றைச் சொன்னால், காரணத்தைச் சொல்லும் அளவுக்குக்கூட இவரை நாம் மதிக்கவில்லை என்ற பொருளே அவருக்குப் போய்ச் சேரும். இருபது ஆண்டுகளாகப் பின்னலாடைத் தொழிலில் இருப்பவரிடம் "ஷேடு ஒத்து வரவில்லை, துணியைத் திரும்பச் சாயமேற்றுகிறார்கள்" என்று சொன்னால் அவருக்கு அரை நொடியில் விளங்கிவிடும். விளங்குவதோடு, மறுசாயம் போட்ட துணியின் ஷேடை, முன்பே ஒப்புதல் பெற்ற நிற மாதிரியான லேப் டிப்போடு ஒருமுறை ஒத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு வரும். அது அவருடைய தொழிலுக்குத் தேவையான தகவல். காரணத்தை மறைத்தபோது அதையும் சேர்த்து மறைத்துவிட்டீர்கள்.

மெயிலின் சொற்களைவிட அது போன நேரம்தான் அதிகம் காயப்படுத்தியிருக்கும் என்பது என் கணிப்பு. வியாழன் காலை 11 மணிக்குத் திருப்பூரில் இருக்கவேண்டிய சென்னைக்காரர், பெரும்பாலும் புதன் இரவு சேரனிலோ நீலகிரியிலோ ஏறி விடியற்காலையில் இறங்குவார். உங்கள் மெயில் செவ்வாய் இரவு போயிருக்கிறது. அவர் அதைப் பார்த்தபோது வண்டிக்கு ஒரு நாள்தான் மீதி. ரயில் டிக்கெட்டின் ரத்துக் கட்டணம் பயண நேரம் நெருங்க நெருங்க ஏறும் என்பதை நாமெல்லோரும் அனுபவித்திருக்கிறோம். பணத்தைவிட முக்கியம், வியாழன் முழுவதையும் உங்களுக்கென்று ஒதுக்கி, வேறு இரண்டு ஃபேக்டரிகளுக்கு அவர் "முடியாது" என்று சொல்லியிருப்பார். திங்கள் காலையே சொல்லியிருந்தால் அந்த நாளை அவர் வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாம். செவ்வாய் இரவு சொன்னதால் அந்த நாள் அவருக்கு வீணாயிற்று. "ஒருவேளை சரியாகிவிட்டால்?" என்ற நினைப்பில்தான் நாம் எல்லோரும் காத்திருக்கிறோம், நானும் காத்திருந்திருக்கிறேன். அந்த நினைப்பு வரும்போது "வியாழன் சந்திப்பு சந்தேகம், செவ்வாய் மதியம் 12 மணிக்குள் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன், அதுவரை டிக்கெட்டை வைத்திருங்கள்" என்று ஒரு போன் செய்திருந்தால் போதும். சந்தேகத்தைச் சந்தேகமாகவே சொல்லலாம். அதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி செய்யவேண்டியது. எழுத உட்காரும் முன் ஒரு வேலை இருக்கிறது: உண்மையான தேதியைக் கண்டுபிடிப்பது. வெள்ளிக்கிழமை தயார் என்று எம்.டி. சொல்வதை அப்படியே நம்பித் தேதி கொடுத்துவிடாதீர்கள். முதலாளிகள் சொல்லும் தேதியில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கும். கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேளுங்கள். சாயப்பட்டறையிலிருந்து துணி வியாழன் மாலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் அதிகம் சுருங்காதபடி துணியை அழுத்தும் காம்பாக்டிங் முடிந்து ரோலாகச் சுற்றி வரும் பின்னல் துணி இழுவிசையில் இருக்கும். அதை உடனே வெட்டினால் பின்னால் சுருங்கி, அளவுப் பட்டியலில் நீளம் குறைந்து நிற்கும். ஆகவே இரவு முழுவதும், முடிந்தால் மறுநாள் மதியம் வரை, விரித்துக் கிடக்கவிடவேண்டும். வெள்ளி பிற்பகல் கட்டிங், சனிக்கிழமை தையல், செக்கிங், அயர்னிங், சனி மாலை அளவெடுப்பு. இதுதான் நிஜமான கணக்கு. சனி மாலை தயார் என்றால் திங்களை உங்கள் கையிருப்பாக வைத்துக்கொண்டு, முதல் தேதியாகச் செவ்வாயைக் கொடுங்கள். இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டதற்காக அவர் வருத்தப்படமாட்டார். மூன்றாம் முறை தள்ளிப் போட்டீர்களென்றால் அடுத்த ஆர்டரின் போதும் அது அவர் நினைவில் இருக்கும்.

திங்கள், சனி இரண்டையும் நான் தவிர்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. திங்கள் காலை 11 மணிக்குத் திருப்பூரில் இருக்கவேண்டும் என்றால் அவர் ஞாயிறு இரவு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். சனிக்கிழமை என்றால் வெள்ளி இரவு வண்டி. வெள்ளி இரவு சென்னையிலிருந்து மேற்கே வரும் வண்டிகளில் இடம் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று ஊருக்குப் போய்வரும் எல்லோருக்கும் தெரியும். காலண்டரில் திங்களும் செவ்வாயும் ஒரே மாதிரிக் கட்டங்கள்தான், ஆனால் பயணம் செய்பவருக்கு அவற்றுக்கு நடுவே ஒரு ஞாயிறு போய்விடுகிறது. ஒரு தேதியை எழுதும் முன், அந்தத் தேதிக்கு அவர் எந்த நாள், எந்த நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பவேண்டும் என்று பார்த்துவிடுங்கள்.

எத்தனை தேதி? இரண்டு அல்லது மூன்று. ஒன்றே ஒன்று என்றால் அது உத்தரவு போல் இருக்கும். ஐந்தாறு கொடுத்தால் நீங்கள் பயப்படுவது போலவே ஆகும், அதோடு அவர் தன் டைரியை ஐந்து முறை புரட்டவேண்டியிருக்கும். எண்ணிக்கையைவிட அந்த மூன்றும் ஒன்றுக்கொன்று வேறு வகையாக இருப்பது முக்கியம். செவ்வாய் 11, செவ்வாய் 3, புதன் 11 என்று கொடுத்தால், அந்த இரண்டு நாளும் அவர் ஹைதராபாத்தில் இருந்தால் மூன்றும் ஒரே அடியில் போய்விடும். ஒரு தேதி வாரத்தின் முற்பகுதியிலும் ஒன்று பிற்பகுதியிலும் இருக்கட்டும். மூன்றாவதில் அவர் பயணமே செய்யவேண்டாம்: சாம்பிளை எடுத்துக்கொண்டு நீங்கள் சென்னைக்குப் போய்வருவது.

இந்த மூன்றாவது வழியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இரண்டு முறை தள்ளிப்போனதற்கு நீங்களும் ஏதோ ஒரு செலவை ஏற்கிறீர்கள் என்று அது காட்டுகிறது. டிக்கெட் ரத்துக்கான பணத்தைத் தருகிறேன் என்று எழுதிவிடாதீர்கள். சப்ளையரிடமிருந்து எதையும் பெறக்கூடாது என்ற விதி பல பையிங் அலுவலகங்களில் இருக்கிறது, நல்லெண்ணத்தில் சொன்னது அவரைச் சங்கடத்தில் தள்ளிவிடும். உங்கள் ஒரு நாளைத் தருவதில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு வரம்பையும் சேர்த்தே சொல்லிவிடவேண்டும்: சாம்பிளின் அளவையும் ஷேடையும் சென்னையில் பார்த்து முடிக்கலாம், ஆனால் பி.பி. மீட்டிங்குக்குக் கட்டிங் மாஸ்டரும் லைன் சூப்பர்வைசரும் குவாலிட்டி ஆளும் உடன் இருக்கவேண்டும் என்பதால் அதை ஃபேக்டரியில்தான் வைக்க முடியும். இதைச் சொல்லாமல் அவரைச் சென்னைச் சந்திப்புக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, பிறகு "சார், ஒரு தடவை திருப்பூரும் வரவேண்டியிருக்கும்" என்றால் அது இன்னொரு தள்ளிவைப்பாகவே படும்.

கொடுத்த தேதிகளை என்ன செய்வது என்பதில் நானே ஒருமுறை அடிபட்டிருக்கிறேன். கோவையில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநருக்கு நான் செயலராக இருந்த காலம். ஒரு வங்கி அதிகாரிக்கு மூன்று நேரங்களைக் கொடுத்தேன். அவரிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை. அதற்குள் ஒரு டீலர் கேட்டார் என்று அந்த மூன்றில் ஒன்றை அவருக்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் அதே நேரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். வங்கி அதிகாரியின் "சரி" என் மேசையில் பிரிக்காத தபால்களுக்கு நடுவே இருந்தது. புதன் காலை பத்தரைக்கு ரிசப்ஷன் சோஃபாவில் இருவரும் அருகருகே உட்கார்ந்து ஆளுக்கொரு காபியோடு என்னைப் பார்த்துப் புன்னகைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வங்கி அதிகாரி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அதன்பின் என் மூலம் நேரம் கேட்பதை விட்டுவிட்டு நேரடியாக இயக்குநரையே அழைக்கத் தொடங்கினார். கொடுத்த ஒவ்வொரு நேரமும் பதில் வரும்வரை, யாருக்குக் கொடுத்தோமோ அவருக்கென்றே பூட்டப்பட்டது என்பதை அன்று கற்றேன். மூன்று நேரம் கொடுத்தால் உங்கள் காலண்டரில் மூன்று கட்டங்களும் அடைபடும், கட்டிங் மாஸ்டரின் நாளும் எம்.டி.யின் நாளும் சேர்ந்தே அடைபடும். ஆகவே மெயில் அனுப்பும் முன் உங்கள் பக்கத்து ஆட்களிடம் மூன்றுக்கும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். எத்தனை நாள் பூட்டி வைத்திருப்பீர்கள் என்பதையும் மெயிலில் எழுதுங்கள், இல்லையென்றால் அந்தப் பூட்டு திறக்காமலேயே கிடக்கும். பதிலுக்கு ஒரு கெடு வைப்பதை அவசரப்படுத்துவதாக அவர் எடுத்துக்கொள்ளமாட்டார். அதுவரை நேரம் தனக்காகக் காத்திருக்கிறது என்ற உறுதியாகவே அதைப் படிப்பார்.

நாளும் தேதியும் சேர்த்தே எழுதவேண்டும். "அடுத்த செவ்வாய்" என்று எழுதிவிடாதீர்கள். வருகிற செவ்வாயைச் சிலர் அப்படிச் சொல்வார்கள், அதற்கு அடுத்ததைச் சிலர் சொல்வார்கள், ஒரே வீட்டிலேயே கணவனும் மனைவியும் இதில் ஒத்துப்போவதில்லை. "ஜூன் 16, செவ்வாய்" என்றால் குழப்பம் இல்லை. இன்னொன்று, நீங்கள் கேட்காதது: சிலர் ராகு காலம் பார்ப்பார்கள். செவ்வாய் பிற்பகல் 3 முதல் 4.30 வரை, வெள்ளி காலை 10.30 முதல் 12 வரை. நான் பணிபுரிந்த இயக்குநர் வெள்ளி 11 மணிக்கு எந்த ஒப்பந்தமும் பேசமாட்டார், காரணத்தையும் சொல்லமாட்டார், "வேறு நேரம் பாருங்கள்" என்பார். உங்கள் மேலாளர் எப்படியோ தெரியாது, ஆனால் காலை 11 மணிச் செவ்வாயில் அந்தச் சிக்கலுக்கே இடமில்லை.

முதலில் போன் செய்யுங்கள். காலை பத்தரை மணி வாக்கில், அவர் அலுவலகம் வந்து மெயில்களைப் பார்த்து முடித்திருக்கும் நேரத்தில். இரண்டு நிமிடம் போதும்: காரணம் ஒரு வரி, தாமதமாகச் சொன்னது உங்கள் தவறு என்று ஒரு வரி, தேதிகளை மெயிலில் அனுப்புகிறேன் என்று ஒரு வரி. போனிலேயே தேதி கேட்டு நெருக்கவேண்டாம், அவர் கையில் காலண்டர் இருக்காது. போனை வைத்த அரை மணி நேரத்துக்குள் மெயில் போய்விடவேண்டும். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்று தெரியும். ஆனால் தமிழில் சரியாக நிற்கும் மெயில் ஆங்கிலத்திலும் நிற்கும், ஆகவே தமிழிலேயே எழுதிக்காட்டுகிறேன்:

"வணக்கம் சார். இன்று காலை போனில் சொன்னபடி எழுதுகிறேன். சாயப்பட்டறையில் ஷேடு லேப் டிப்போடு ஒத்துவராததால் துணியை மறுசாயத்துக்கு அனுப்பியிருக்கிறோம். இது எனக்குத் திங்கள் காலையே தெரியும், செவ்வாய் இரவு வரை சொல்லாமல் இருந்தது என் தவறு. உங்கள் வியாழக்கிழமையும் டிக்கெட்டும் அதனால் வீணாயின. சாம்பிள் ஜூன் 13, சனி மாலை தயாராகும். அதை வைத்து மூன்று வழிகள்: ஜூன் 16, செவ்வாய் காலை 11 மணிக்கு எங்கள் ஃபேக்டரியில் சாம்பிளும் பி.பி. மீட்டிங்கும், அல்லது ஜூன் 18, வியாழன் காலை 11 மணிக்கு அதே ஏற்பாடு, அல்லது ஜூன் 17, புதன் பிற்பகல் 3 மணிக்குச் சாம்பிளோடு நானே உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன், பி.பி. மீட்டிங்கை மட்டும் நீங்கள் இந்தப் பக்கம் வேறு வேலையாக வரும்போது ஃபேக்டரியில் வைத்துக்கொள்ளலாம். மூன்று நேரங்களையும் ஜூன் 12, வெள்ளி மாலை 5 மணி வரை உங்களுக்காகவே வைத்திருக்கிறேன். மூன்றும் ஒத்துவராவிட்டால் 'வேண்டாம்' என்று மட்டும் எழுதுங்கள், ஜூன் 22, திங்களன்று தொடங்கும் வாரத்துத் தேதிகளை அனுப்புகிறேன். லேபிளும் பேக்கிங்கும் துணிக்குக் காத்திருக்கவேண்டியதில்லை என்பதால் அவற்றின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்."

இதில் மன்னிப்பு ஒரே இடத்தில், எதற்கு என்று குறிப்பிட்டு வருகிறது. மூன்று இடத்தில் மன்னிப்புக் கேட்டால் அவர் உங்களைத் தேற்றவேண்டிய நிலைக்கு ஆளாகிவிடுவார், அது இன்னொரு வேலை. 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லில் பதில் எழுத அவருக்கு வழி விட்டிருப்பதையும் பாருங்கள். மறுப்பதற்கு வழி இல்லாத தேர்வுகளைக் கண்டால் பெரிய பதவியில் இருப்பவர்கள் பதில் போடாமலேயே விட்டுவிடுவார்கள். கடைசி வரியில் இருக்கும் லேபிள், பேக்கிங் விஷயம் என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும். சந்திப்பு தள்ளிப்போனாலும் ஆர்டர் நின்றுவிடவில்லை என்பதை அவர் தன் மேலிடத்துக்குச் சொல்ல அது பயன்படும்.

வெள்ளி மாலைக்குள் பதில் வராவிட்டால் "பதில் இல்லாததால் செவ்வாய் உறுதி என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுக்கும் உரிமை, இரண்டு முறை தள்ளிப் போட்டவருக்குக் கிடையாது. சனி காலை மீண்டும் போன் செய்யுங்கள்.

அவர் ஒன்றைத் தேர்ந்ததும் அன்றே மற்ற இரண்டு நேரங்களையும் விடுவித்து, உங்கள் ஆட்களுக்கும் சொல்லிவிடுங்கள். கூகுள் காலண்டரில் பழைய அழைப்பு இருக்குமானால் அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டாம், அதிலேயே தேதியை மாற்றுங்கள். அழித்தால் அவருக்கு முதலில் ரத்து என்ற அறிவிப்புதான் போகும், இந்த நிலையில் அது ஒன்றுதான் குறைச்சல். அவர் சம்மதிக்கும் முன்பே அழைப்பை நகர்த்திவைப்பதும் கூடாது. தேர்வுகளைக் கொடுத்துவிட்டு முடிவையும் நாமே எடுத்ததாக ஆகிவிடும்.

செவ்வாயையே அவர் தேர்ந்தால், சனி மாலை அளவெடுப்பு முடிந்தவுடன் சாம்பிளை மேசையில் விரித்து, அளவு நாடா தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். அதைப் பார்த்த பிறகு திங்கள் இரவு நிம்மதியாக வண்டி ஏறுவார். அந்தச் சனி மாலை சாம்பிள் சரியாக வராவிட்டால், திங்களில் தைத்துவிடலாம் என்று நீங்கள் நம்பினாலும், அன்று மாலையே அவரை அழைத்து நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள்.